ஒன்பதாம் இலக்கக் கதவு

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் இறந்தகாலம் கிடையாது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் அடுக்கும் வேலை செய்தேன். எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் கொலம்பியாவிலும் எக்குவடோரிலும் இருந்து வந்த பெண்கள். தட்டுகளை எண்ணி எண்ணியே எனக்கு எண்கள் வந்தன. வை, எடு, கெதியாக, பக்கத்தில், கதவைச் சாத்து என்பவை அதன் பின்னால் வந்தன. அதற்குமேல் அவர்களும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பாண் அடுக்க அது போதும்.

அந்த அரைகுறைப் பாஷை அன்ரிக்காகத் திரும்பவும் தேவைப்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அன்ரி எனக்குச் சொந்தமில்லை. ஸ்காபரோவில் நான் முதன்முதலாக வாடகைக்கு இருந்த நிலவறை அவருடைய வீட்டின் நிலவறை. பிள்ளைகள் இல்லாதவர், கணவரும் இல்லாதவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மல்லித் தண்ணீர் அவித்துத் தந்த கை அவருடையது, குளியலறையில் அதிக நேரம் நின்றால் மேலே இருந்து தரையைக் குத்திய தடியும் அவருடையதுதான். முட்டி வருத்தம் முற்றியதும் வீட்டை விற்றார். தமிழர் நிறைந்த இடத்தில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் எடுப்பார் என்று எல்லாரும் நினைத்திருக்க, நகரத்தின் மேற்கு அந்தத்தில், தமிழ் முகமே கண்ணில் படாத தெருவில் போய்க் குடியேறினார்.

"ஏன் அன்ரி அவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"அங்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை" என்றார். ஏதோ நல்ல காற்று வரும் வீடு என்று சொல்வதுபோல அதைச் சொன்னார்.

இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய பாதை. பாதையின் வாயில் ஆள் உயர இரும்புக் கேற். கேற்றில் இலக்கங்களை அமுக்கும் சின்னப் பெட்டி. சரியான நாலு இலக்கத்தையும் அமுக்கி, கடைசியில் கட்டம் போட்ட '#' குறியையும் அமுக்கினால் 'டக்' என்று விடும். உள்ளே ஒரு முற்றம், முற்றத்துக்கு அப்பால் பழைய செங்கல் கட்டடம். நான் கண்டது அவ்வளவுதான். பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் அன்ரி தடியை ஊன்றிக்கொண்டு கேற்றடிக்கே வந்துவிடுவார். என் காருக்குள் இருந்துதான் கதை. "மேல வரட்டோ?" என்று கேட்டால், "வீடு ஒதுக்காமல் கிடக்குது" என்பார். வருஷக் கணக்காக ஒரு வீடு ஒதுக்காமலே கிடக்குமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, கொண்டுபோன சாமானைக் கொடுத்துவிட்டு வருவேன்.

முட்டி இன்னும் மோசமானதும் சமைப்பதற்கு நிற்க முடியவில்லை. அவருடைய தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கரீபியன் கடை இருந்தது. அங்கே கடலைக் கறியும் பூசணியும் வைத்துச் சுற்றிய ரொட்டி அன்ரிக்குப் பிடித்துப்போனது. "எங்கட ரொட்டி இல்லை, ஆனா எங்கட ரொட்டியின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி" என்றார். என் போனில் உள்ள செயலியால் நான் ஓடர் பண்ணுவேன். ஒரு ஆள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். அதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். சிக்கல் அன்ரிதான்.

கதவு இலக்கத்தையும் கேற்றின் இலக்கத்தையும் செயலியில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். தெருவின் விலாசத்தை மட்டும் போடலாம். மிச்சத்தை ஆள் கேற்றடிக்கு வந்து எனக்குப் போன் அடித்ததும் வாயால் சொல்ல வேண்டும்.

"எழுதினா நிண்டிடும், பிள்ளை. வாயால சொன்னா காத்தோட போயிடும்."

"நாங்கள் என்ன, களவா செய்யிறம் அன்ரி?"

"நான் சொல்லிறதைச் சொல்லு. ரெண்டாம் மாடி. ஒன்பது."

சைக்கிளில் வருகிறவர்களில் பாதிப்பேர் வெனிசுவேலாவிலோ கொலம்பியாவிலோ மெக்சிகோவிலோ இருந்து அண்மையில் வந்தவர்கள். கேற்றடியில் நின்று ஆங்கிலத்தில் தடுமாறுவார்கள். நான் பாண் தொழிற்சாலையைத் திறந்துவிடுவேன். "போர்த்தோன். கிளாவே: சின்கோ, ஊனோ, ஓச்சோ, சியேத்தே." கேற். இலக்கம்: ஐந்து, ஒன்று, எட்டு, ஏழு. கட்டம் போட்ட குறியில்தான் முதலில் வழுக்கினேன். கொலம்பியாக்காரருக்கு அது 'நுமெரால்', மெக்சிகோக்காரருக்கு 'காத்தோ', அதாவது பூனை. பூனையை அமுக்கு என்று ஒரு மனிதருக்குச் சொல்ல எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டாம் மாடி என்பதும் நாட்டுக்கு நாடு மாறியது; இங்கே தரைத்தளமே முதலாம் மாடி. ஒருவர் இன்னொரு மாடி ஏறிப்போய் மூன்றாம் மாடியில் தேடியபின், 'சூபா ஊன் பீசோ', ஒரு மாடி ஏறு, என்று மாற்றிக்கொண்டேன். கடைசியில், "அபார்த்தமென்தோ நுவேவே. என் லா புவெர்த்தா, போர் ஃபவோர்." ஒன்பதாம் இலக்கம், கதவடியில் வையுங்கள், தயவுசெய்து.

தேவாரம் மாதிரி பாடமாகிவிட்டது. சட்டி கழுவிக்கொண்டே சொல்வேன்.

ஆள் சாப்பாட்டை வைத்ததும் செயலி ஒரு படம் அனுப்பும், வைத்ததற்கு அத்தாட்சியாக. படத்தில் பச்சை வர்ணம் உரிந்த ஒரு கதவு, அதில் பித்தளையில் ஒரு ஒன்பது, கீழே கடதாசிப் பை. உடனே அன்ரிக்கு போன் அடிப்பேன். முதல் மணியிலேயே எடுப்பார். "வந்திட்டுது" என்பார். வைத்துவிடுவார். படங்களை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. பையைப் பார்ப்பேன், அழித்துவிடுவேன்.

ஒருநாள் பை கசங்கினாற்போல இருந்ததால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பையில் ஒன்றுமில்லை. படத்தின் வலது ஓரத்தில், பக்கத்து வீட்டின் கதவு ஒரு சாண் அளவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குக் குறுக்கே மெல்லிய சங்கிலி ஒன்று மினுங்கியது. யாரோ வெளியே வரப்போகிறார்கள் போலும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த படத்திலும் அது இருந்தது. அதற்கடுத்ததிலும். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வெளிச்சம், படத்தை எடுத்த கோணமும் வேறு. அந்தக் கதவு மட்டும் அதே ஒரு சாண்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. இருந்தும் அன்றைக்கு வீட்டு லைற் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். பேயைவிட மனிதருக்குத்தான் பயந்தேன். முட்டி வருத்தக்காரி ஒருத்தி தனியே இருக்கிறாள், அவளுடைய வாசலுக்கு எப்போது ஆள் வருகிறது, எப்போது போகிறது என்று யாரோ சங்கிலிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள். எதற்கு?

அடுத்தமுறை சாப்பாடு போனதும் மெல்லக் கேட்டேன். "அன்ரி, உங்கட பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லையோ?"

"அது பூட்டிக் கிடக்குது, பிள்ளை. நான் வந்த நாளில இருந்து பூட்டித்தான் கிடக்குது. ஏன் கேக்கிறாய்?"

சொல்லலாமா விடலாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னேன். "படத்தில பாத்தனான் அன்ரி. பக்கத்துக் கதவு கொஞ்சம் திறந்திருக்குது. ஒவ்வொரு நாளும்."

"படம் எடுக்கிறாங்களோ?" என்றார் அன்ரி. குரல் சின்னப்பிள்ளையின் குரலாகிவிட்டது. "எடுக்க வேண்டாம் எண்டு சொல்லு."

சொல்லிப் பார்த்தேன். 'சின் ஃபோத்தோ', படம் வேண்டாம். சிரித்தார்கள். படம் போடாவிட்டால் வேலை முடிந்ததாகச் செயலி ஏற்காது என்பதுதான் அதன் பொருள் என்று நான் ஊகித்துக்கொண்டேன். படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் ஒரு மாற்றம். அதுவரை ஒரு சாண் திறந்திருந்த கதவு, அன்றைக்குப் பிறகு ஒரு விரலளவுதான் திறந்திருந்தது.

நான் சொன்னது அதற்குக் கேட்டிருக்கிறது.

யாரிடம் சொல்வது? பொலிசுக்குச் சொன்னால், பூட்டிய வீட்டின் கதவு படத்தில் திறந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? என்னோடு வந்து இருங்கள் என்று அன்ரியைக் கேட்டேன். "எனக்கென்ன பயம்?" என்று வெட்டிவிட்டார். நான் நேரில் போனபோதும் வழமைபோல் கேற்றடியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் முற்றம், முற்றத்துக்குப் பின்னால் அந்தக் கட்டடம். ஜன்னல்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

பிறகு அந்தப் பனி நாள் வந்தது. மத்தியானம்தான், ஆனால் வானம் அழுக்குத் துணியாகக் கிடந்தது. கேற்றடியில் இருந்து போன் வந்தது. இளம் குரல், காற்றில் மூச்சு வாங்கியது. நான் என் தேவாரத்தைப் பாடினேன். சின்கோ, ஊனோ, ஓச்சோ, சியேத்தே. நுமெரால். சூபா ஊன் பீசோ. அபார்த்தமென்தோ நுவேவே. கொஞ்சத்தில் படம் வந்தது. பச்சைக் கதவு, பித்தளை ஒன்பது, கடதாசிப் பை. வலது ஓரத்தைப் பார்த்தேன். பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. முழுசாக.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போய்விட்டது, எது இருந்ததோ அது போய்விட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடேயே அன்ரிக்கு அடித்தேன்.

எடுக்கவில்லை.

திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. முதல் மணியில் எடுக்கிற மனுசி. இத்தனை நாள் காத்திருந்தது இன்றைக்கு உள்ளே போய்விட்டது, அதனால்தான் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று மனம் சொன்னது.

அந்தச் சைக்கிள்காரரைப் பிடிக்க வேண்டும். செயலி கொடுக்கும் போன் இலக்கம் சாப்பாடு சேர்ந்தபின் கொஞ்ச நேரத்துக்குத்தான் வேலை செய்யும். அதை அழுத்தினேன். எடுத்தார். அவர் அதற்குள் கேற்றுக்கு வெளியே போயிருந்தார்.

"செஞ்யோர், போர் ஃபவோர். ஓத்ரா வேஸ்." இன்னொரு தடவை, தயவுசெய்து. வேறெதுவும் எனக்கு வரவில்லை. ஒரு மனுசி, தனியே, போன் எடுக்கவில்லை என்பதைத் துண்டு துண்டாகச் சொன்னேன். "செஞ்யோரா. சோலா. நோ கொன்தெஸ்தா." அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அடுத்த ஓடர் காத்துக்கொண்டிருந்திருக்கும். ஆனாலும், "கிளாவே?" என்று கேட்டார். திரும்பவும் நாலு இலக்கத்தைச் சொன்னேன். கேற் 'டக்' என்றது. பனியில் அவருடைய சப்பாத்துச் சத்தம். படி. நடை. பிறகு கதவில் தட்டும் ஓசை.

"நாதா, செஞ்யோரா." ஒன்றுமில்லை.

வீட்டுப் போனை எடுத்து, மற்றக் கையால் அன்ரிக்குத் திரும்பவும் அடித்தேன். ஒரு காதில் மணி போனது. மற்றக் காதில், சைக்கிள்காரருடைய போனுக்குள்ளால், தூரத்தில் ஒரு நாதஸ்வரம் கேட்டது. அன்ரியின் போன் அழைப்புக்கு வைத்திருக்கும் நாதஸ்வரம். நான் அடிக்கும் மணியை அந்தக் கட்டடத்துக்குள் நின்று நானே கேட்பதுபோல இருந்தது.

"சுவேனா" என்றார் அவர். அடிக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரோ ஆக்கீ நோ. அல் லாதோ."

ஆனால் இங்கே இல்லை. பக்கத்தில்.

அல் லாதோ. பாண் தட்டைப் பக்கத்தில் வை என்று ஆயிரம் தடவை கேட்ட சொல். அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் விளங்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் அன்ரியின் போன் எப்படிப் போனது? "கே நூமெரோ?" என்று கேட்டேன். என்ன இலக்கம்?

"ஒன்சே."

பதினொன்று. அவர் அந்தக் கதவில் தட்டினார். நாதஸ்வரம் நின்றது. பிறகு மரத்தில் எதுவோ சுரண்டுவது கேட்டது, தரையோடு, மிகத் தாழ்வாக. அவர் பயந்து, "தியோஸ் மீயோ", கடவுளே, என்றார். போனைக் கதவடியில் பிடிக்கச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. ஆனால் பிடித்தார். கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அன்ரியின் குரல் வந்தது. தமிழில்.

"ஒன்பது" என்றது அந்தக் குரல். "ஒன்பதில வை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்ரி ஒன்பதில் ஒருநாளும் இருக்கவில்லை. பூட்டிக் கிடந்தது ஒன்பதுதான். ஒரு சாண் திறந்த கதவுக்குப் பின்னால், சங்கிலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அன்ரி. பையை வைத்த ஆள் போகும் மட்டும் காத்திருந்து, பக்கத்து வாசலில் இருந்து தன் சாப்பாட்டை எடுத்திருக்கிறார். நான் யாருக்குப் பயந்தேனோ, யாருக்காகப் பயந்தேனோ, இரண்டும் ஒரே மனுசி.

அவசர உதவிக்கு அடித்தேன். இலக்கம் கேட்டபோது என் வாய் ஒன்பது என்றுதான் சொல்லத் தொடங்கியது. அடக்கிக்கொண்டு பதினொன்று என்றேன். ஒன்பது என்று சொல்லியிருந்தால் ஒரு வெறும் வீட்டின் கதவை உடைத்துப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். சைக்கிள்காரருக்கு, "எஸ்பெரே என் எல் போர்த்தோன்" என்றேன், கேற்றடியில் நில்லுங்கள். அவர் நின்றார். அந்தப் பனியில், கேற்றைத் திறந்து பிடித்தபடி, அம்புலன்ஸ் வரும்வரை நின்றார். அவருக்கு நன்றி சொல்லத் தெரியும், அதைச் சொன்னேன். அதற்குமேல் சொல்ல வேண்டியவற்றுக்கு என் ஸ்பானிஷ் காணாது. எனக்கு அழுகை வந்தது.

அன்ரி முதல்நாள் இரவு விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து, போன் எட்டாத மேசையில் கிடக்க, கதவடிவரை ஊர்ந்து வந்திருக்கிறார். கூப்பிட்டிருக்கலாம். நடையில் ஆட்கள் போய் வந்திருக்கிறார்கள். கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதல் கேள்வி, "ஆர் அவங்களுக்குப் பதினொண்டு எண்டு சொன்னது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்ரி, செத்துப்போயிருப்பியள்! எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதோ? என்னையும் நம்பயில்லையோ?"

அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கோபப்படவில்லை. வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கொழும்பில இருக்கேக்க ஒரு பெடியன் போன் அடிச்சவன். நல்ல மரியாதையான குரல். ஐயா, உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்குது, வீடு எதெண்டு தெரியேல்லை, நம்பர் சொல்லுங்கோ எண்டு. பின்னேரம்." வாயை ஈரமாக்கிக்கொண்டார். "அவர் சரியான நம்பரைச் சொன்னவர், பிள்ளை."

அவருடைய கணவரைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இப்போது அன்ரி ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அங்கே கதவில் இலக்கத்தோடு பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடதாசி கிழிந்திருக்கும், தாதி புதிதாக ஒட்டுவாள்.

போன கிழமை எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. சமைக்கப் பஞ்சியில் என் வீட்டுக்கே சூப் ஓடர் பண்ணினேன். கட்டடத்தின் கீழ்வாசலில் இருந்து போன் வந்தது. "செஞ்யோரா, கே நூமெரோ?" மரியாதையான குரல்.

வாய் திறந்தேன். வந்தது என் இலக்கம் இல்லை. விடுமுறைக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டின் இலக்கம். சொல்லி முடித்தபின்தான் எனக்கே கேட்டது. திருத்தலாம், ஒரு சொல்தான். திருத்தவில்லை. லைற்றை அணைத்தேன், சங்கிலியைப் போட்டேன், கதவை மெல்லத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். லிப்ட் வந்தது. ஒரு ஆள் பையைப் பக்கத்து வாசலில் வைத்தார், போனை உயர்த்தினார், போனார்.

சூப்பை எடுக்க முன்னம் படம் வந்தது. பக்கத்து வீட்டின் கதவு, கீழே பை. ஓரத்தில் என் கதவு, ஒரு சாண் திறந்தபடி. பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே இருட்டு மட்டும் இருந்தது. நான் நிற்பது தெரியவில்லை.